2019-ல ஈஸ்டர் ஏன் ஒரு மாசம் தள்ளிப் போச்சு: சர்ச்சோட நிலாவும் வானத்து நிலாவும்

கேள்வி: வசந்த காலத்து சம இரவு பகல் நாளுக்கு அப்புறம் வர்ற முதல் பௌர்ணமி, அதுக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர்னு படிச்சேன். 2019-க்குப் போட்டுப் பாத்தா மார்ச் 20 சம நாள், மார்ச் 21 பௌர்ணமி, அப்போ ஈஸ்டர் மார்ச் 24 வரணும். ஆனா ஏப்ரல் 21-ல தான் கொண்டாடினாங்க. நான் எங்க தப்பு பண்றேன்?

பதில்:

நீங்க கணக்குல எந்தத் தப்பும் பண்ணல. நீங்க படிச்ச விதியும் சரிதான். ஆனா அந்த விதியில வர்ற "சம நாள்", "பௌர்ணமி" ரெண்டுமே வானத்துல நடக்கிற விஷயம் கிடையாது, ரெண்டுமே அட்டவணையில எழுதி வச்ச தேதிகள். சர்ச் ஒரு சம நாள் வச்சிருக்கு, அது எல்லா வருஷமும் மார்ச் 21 தான், சூரியன் எப்ப பூமத்திய ரேகையைக் கடந்தாலும் சரி. அதே மாதிரி ஒரு நிலாவும் வச்சிருக்கு, அது காகிதத்துல ஓடுற நிலா, வானத்து நிலாவுக்கு ரொம்பப் பக்கத்துலயே போகும், ஆனா சில சமயம் ஒரு நாள் முன்ன பின்ன இருக்கும். பெரும்பாலான வருஷம் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, ஏன்னா கடைசில அடுத்த ஞாயிறுக்குப் போறதால ரெண்டு கணக்கும் ஒரே ஞாயிறுல வந்து விழுந்துடும். 2019 மாதிரி எல்லையில உக்காந்திருக்கிற வருஷத்துல மட்டும் அது பெருசா வெடிக்கும். அதனால 2019-ஐயே எடுத்து முழுசா போட்டுக் காட்டுறேன், அது புரிஞ்சா மத்த எல்லா வருஷமும் புரிஞ்சிடும்.

முதல்ல வானத்துல என்ன நடந்துச்சுன்னு பாத்துடலாம். உலகப் பொது நேரப்படி 2019 மார்ச் 20 ராத்திரி 9:58-க்கு சம நாள். அதுக்கு நாலு மணி நேரம் கூட ஆகல, மார்ச் 21 விடிகாலை 1:43-க்கு பௌர்ணமி. அதாவது நிஜத்துல சூரியன் முதல்ல, நிலா அப்புறம். சர்ச்சோட அட்டவணையில இது அப்படியே தலைகீழா இருந்துச்சு. சம நாள் மார்ச் 21, பௌர்ணமி மார்ச் 20. ஒன்னு சில மணி நேரம் பின்னாடி போயிடுச்சு, இன்னொன்னு சில மணி நேரம் முன்னாடி வந்துடுச்சு, ரெண்டும் சேந்து வரிசையே மாறிப் போச்சு. பௌர்ணமி மார்ச் 20-ன்னு ஆயிட்டா அது 21-க்கு முந்தினது, அது செல்லாது, அடுத்த பௌர்ணமிக்குத்தான் போகணும். அடுத்தது ஏப்ரல் 18, வியாழன். அதுக்கு அடுத்த ஞாயிறு ஏப்ரல் 21. அவ்வளவுதான் விஷயம். ஆனா அந்த மார்ச் 20 எங்கருந்து வந்துச்சுங்கிறதுதான் உண்மையான கேள்வி, அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

ஏன் நிலாவைக் கட்டிக்கிட்டு அழணும்னு சிலர் கேப்பாங்க. இயேசுவைச் சிலுவையில அறைஞ்சது யூதர்களோட பாஸ்கா பண்டிகை சமயத்துல, பாஸ்கா நிசான் மாசத்தோட பதினாலாம் நாளை ஒட்டி வரும், யூத மாசம் பிறையில தொடங்குற மாசம், அதனால பதினாலாம் நாள்னா கிட்டத்தட்ட பௌர்ணமி. அதோட உயிர்த்தெழுந்தது ஞாயிறு. ஆக நிலாவும் வேணும், ஞாயிறும் வேணும், பருவமும் தவறக் கூடாது. ஆரம்ப காலத்துல ஒவ்வொரு ஊர்ச் சபையும் ஒவ்வொரு மாதிரி வச்சாங்க, சிலர் யூதர்கள் எந்த நாள் சொல்றாங்களோ அதையே கேட்டு வச்சாங்க. 325-ல நிக்கேயாவுல கூடின சங்கம் எல்லாரும் ஒரே நாள்ல வைக்கணும், யூதர்கள் கணக்கைப் பாத்து வைக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணுச்சு. இங்க ஒன்னு கவனிக்கணும், "சம நாளுக்கு அப்புறம் முதல் பௌர்ணமி" ங்கிற வாக்கியத்தை நிக்கேயா எழுதுச்சுன்னு நிறைய பேர் சொல்றாங்க, அது சரியில்ல. கணக்கு வழக்கு எல்லாம் அலெக்சாந்திரியாவுல இருந்த கிறிஸ்தவ கணக்காளர்கள் கிட்டருந்து வந்தது. மார்ச் 21-ங்கிற தேதியும் அவங்க வச்சதுதான், அந்த நூற்றாண்டுல நிஜ சம நாளும் அதை ஒட்டித்தான் இருந்துச்சு.

அப்புறம் ஏன் கண்ணால பாக்காம கணக்குல போனாங்க? ஏன்னா தேதி முன்கூட்டியே தெரியணும். ஈஸ்டருக்கு 46 நாள் முன்னாடி சாம்பல் புதன், அன்னைக்கு தவக்காலம் தொடங்கும். 2019-ல அது மார்ச் 6. ஈஸ்டர் பௌர்ணமியை வானத்துல பாத்து முடிவு பண்ணலாம்னு காத்திருந்தா தவக்காலமே கிட்டத்தட்ட முடிஞ்சு போயிருக்கும். அதனால பல வருஷத்துக்கு முன்னாடியே சொல்லிட முடியுற ஒரு நிலா தேவைப்பட்டுச்சு.

அந்த நிலாவோட அஸ்திவாரம் 19 வருஷச் சுழற்சி. கிரேக்கத்து மெட்டோன் பேர்ல சொல்வாங்க. விஷயம் சிம்பிள். அமாவாசைல இருந்து அடுத்த அமாவாசை சராசரியா 29.53 நாள். இப்படி 235 மாசம் சேத்தா 6939.69 நாள். 19 சூரிய வருஷம் சேத்தா 6939.60 நாள். ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம்தான் வித்தியாசம். அதாவது இன்னைக்கு என்ன பிறையோ, 19 வருஷம் கழிச்சு இதே தேதில கிட்டத்தட்ட அதே பிறை இருக்கும். அப்போ 19 வருஷத்துக்கு மட்டும் பௌர்ணமி தேதி எழுதி வச்சா போதும், திருப்பித் திருப்பி அதையே உபயோகிக்கலாம். உங்க பிறந்த நாளுக்கு அன்னைக்கு இருந்த பிறையும் 19-ஆவது, 38-ஆவது பிறந்த நாள்ல இருந்த பிறையும் தேடிப் பாருங்க, ஒத்துப் போறது தெரியும்.

சொல்லப் போனா நாம எழுதுற கி.பி. கணக்கே இந்த ஈஸ்டர் அட்டவணையில இருந்து வந்ததுதான். 525-ல ரோம்ல தியோனிசியுஸ் எக்சிகூஸ்னு ஒரு துறவி அலெக்சாந்திரியா முறைப்படி அட்டவணையை நீட்டி எழுதினார். அதுக்கு முன்னாடி அதுல வருஷத்தை தியோக்ளேசியன் பேரரசரோட ஆட்சியில இருந்து எண்ணிட்டு இருந்தாங்க. அந்தப் பேரரசர் கிறிஸ்தவர்களைக் கொன்னவர், அவர் பேரை அட்டவணையில சுமக்க வேண்டாம்னு கிறிஸ்து பிறப்புல இருந்து எண்ண ஆரம்பிச்சார். இதைப் படிச்சப்ப எனக்கு ரொம்ப நேரம் வேற எதுவும் ஓடல, உலகம் முழுக்க வருஷத்தை எண்ணுற முறை ஒரு பண்டிகைத் தேதி அட்டவணையோட ஓரத்து நெடுவரிசையில இருந்து வந்திருக்கு.

சரி, இப்ப கணக்கு. ரெண்டு விஷயம் வேணும். ஒன்னு, 19-ல இந்த வருஷம் எத்தனாவது. ரெண்டு, ஜனவரி 1 அன்னைக்கு நிலாவுக்கு எத்தனை நாள் வயசு. இந்த ரெண்டாவதுக்கு எப்பாக்ட்னு பேரு. பன்னெண்டு நிலா மாசம் சேந்தா 354 நாள், சூரிய வருஷம் 365, அப்போ ஒவ்வொரு வருஷமும் ஜனவரி 1-ல நிலாவோட வயசு 11 நாள் கூடும். 30-ஐத் தாண்டினா ஒரு மாசம் முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம், 30-ஐக் கழிச்சிடணும். 19 வருஷம் முடிஞ்சு திரும்ப முதல் வருஷத்துக்கு வரும்போது மட்டும் 11-க்கு பதிலா 12 கூட்டணும், அப்பத்தான் சுழற்சி கச்சிதமா மூடும். பழைய ஆளுங்க இதை நிலாவோட தாவல்னு சொன்னாங்க. 19 தடவை 11 கூட்டினா 209, அதோட அந்த ஒன்னு சேந்தா 210, அது சரியா ஏழு முப்பது. 19 வருஷத்துல 228 மாசத்துக்கு மேல ஏழு மாசம் அதிகம் வரணும்னு முன்னாடி சொன்ன 235 இங்கதான் வந்து உக்காருது.

1900-ல இருந்து 2199 வரைக்கும் வேலை செய்ற சுருக்கு வழி இது. வருஷத்தை 19-ஆல வகுத்து மீதியை எடுங்க. அதை 11-ஆல பெருக்கி ஒன்னு கழிங்க. 30-க்கு மேல போனா முப்பது முப்பதா கழிச்சு 30-க்குக் கீழ கொண்டு வாங்க. (மீதி பூஜ்யம் வந்தா மைனஸ் ஒன்னு வரும், அதை 29-ன்னு எடுத்துக்கணும்.) வர்றதுதான் எப்பாக்ட்.

2019-க்கு: 19 × 106 = 2014, மீதி 5. அஞ்சு பதினொன்னு 55, ஒன்னு போனா 54, முப்பது போனா 24. எப்பாக்ட் 24.

இப்ப 44-ல இருந்து எப்பாக்டைக் கழிங்க, வர்ற எண்தான் மார்ச் மாசத்துப் பௌர்ணமி தேதி. 44 − 24 = 20. மார்ச் 20! அட்டவணையில இருந்த தேதி இதுதான். அந்தக் கணக்குப்படி நிலா மாசம் மார்ச் 7-ல பிறந்துச்சு, அதை முதல் நாளா வச்சு எண்ணினா பதினாலாம் நாள் மார்ச் 20. நிஜத்துல அமாவாசை மார்ச் 6 சாயங்காலம் 4 மணிக்கு (உலகப் பொது நேரம்), அதனால மார்ச் 7-ஐ முதல் நாளா எடுத்தது நியாயமான தேதிதான். ஆனா அட்டவணைக்கு "பதினாலாம் நாள்" தான் பௌர்ணமி, அது முழு நாளா எண்ணும், மணி நிமிஷம் தெரியாது. நிஜ நிலா அந்தத் தடவை பதினாலரை நாள் கிட்ட எடுத்துக்கிட்டு நள்ளிரவைத் தாண்டி ரெண்டு மணி நேரத்துக்குள்ள முழுசாச்சு. அந்த ரெண்டு மணி நேரத்துக்குத்தான் ஈஸ்டர் நாலு வாரம் தள்ளிப் போச்சு.

பௌர்ணமி 20 வந்துச்சு, அது 21-ஐ விடக் கம்மி, அதனால 30 கூட்டணும். மார்ச் 50, அதாவது ஏப்ரல் 19. ஆனா நான் மேல ஏப்ரல் 18-ன்னு சொன்னேன், இல்லையா? இங்கதான் இந்தக் கணக்கைத் தானா செஞ்சு பாக்கறவங்க நிறைய பேர் வழுக்கி விழுவாங்க, அதனால இதை விளக்காம விட மனசு வரல.

நிலா மாசம் சராசரி 29.53 நாள், எல்லா மாசத்தையும் முப்பதுன்னு வச்சா நிலா சீக்கிரமே ஓடிப் போயிடும். அதனால அட்டவணையில ஒரு மாசம் 30, ஒரு மாசம் 29-ன்னு மாத்தி மாத்தி வச்சிருக்காங்க. ஈஸ்டர் பௌர்ணமி வர்ற மாசத்துக்கு 29 நாள். அதனால பௌர்ணமி விழக் கூடிய தேதிகளும் மார்ச் 21-ல இருந்து ஏப்ரல் 18 வரைக்கும் 29 தான். ஆனா எப்பாக்ட் பூஜ்யத்துல இருந்து 29 வரைக்கும் முப்பது இருக்கு. முப்பது பேருக்கு 29 சீட்டுன்னா ரெண்டு பேர் ஒரு சீட்டுல உக்காரணும். அந்த ரெண்டு பேர் 24-ம் 25-ம். அதனால 24 வந்தா ஏப்ரல் 19-ன்னு வர்றதை ஏப்ரல் 18-ஆ மாத்திக்கணும். 2019-ல இந்த மாத்தம் விளைவைத் தொடல, ஏன்னா ஏப்ரல் 18 வியாழன், 19 வெள்ளி, ரெண்டுக்கும் அடுத்த ஞாயிறு 21 தான். ஆனா 1981-ஐ எடுத்துக்கோங்க. அதுக்கும் மீதி 5, அதுக்கும் எப்பாக்ட் 24. அந்த வருஷம் ஏப்ரல் 19 ஞாயிறு. இந்த விதிவிலக்கை மறந்து பௌர்ணமி ஏப்ரல் 19-ன்னு வச்சா ஞாயிறுலயே பௌர்ணமி, அடுத்த ஞாயிறுக்குப் போகணும், ஈஸ்டர் ஏப்ரல் 26-ன்னு வரும். அப்படி ஒரு தேதியே ஈஸ்டருக்குக் கிடையாது, 25 தான் கடைசி. சரியா வச்சா பௌர்ணமி 18 சனி, ஈஸ்டர் 19. நீங்க எழுதின ப்ரோகிராமோ எக்செல் ஃபார்முலாவோ சரியான்னு தெரிஞ்சுக்க 1981-ஐப் போட்டுப் பாருங்க, ஏப்ரல் 26 காட்டினா இந்த இடத்துலதான் ஓட்டை.

25-க்கும் ஒரு சின்ன விதிவிலக்கு இருக்கு. 24-ம் 25-ம் ஒரே சீட்டுல உக்காந்தா ஒரே 19 வருஷத்துக்குள்ள ரெண்டு தடவை ஏப்ரல் 18 பௌர்ணமி வந்துடும், நிஜ நிலா அப்படி வராது. அதனால நம்ம காலத்து அட்டவணையில 25-ஐ இன்னும் ஒரு நாள் முன்னாடி தள்ளி ஏப்ரல் 17-ஆ வச்சிருக்காங்க. இதைச் சோதிக்க 1954 நல்ல வருஷம். மீதி 16, எப்பாக்ட் 25, பௌர்ணமி ஏப்ரல் 17 சனி, ஈஸ்டர் ஏப்ரல் 18. விதிவிலக்கை விட்டா 25-ன்னு காட்டும்.

மேல சொன்ன "ஞாயிறுலயே பௌர்ணமி வந்தா அடுத்த ஞாயிறு" ங்கிறதை தனியா ஒரு தடவை பாத்துக்கலாம், இதுலயும் குழப்பம் வரும். 2025-க்கு மீதி 11, பதினொன்னு பதினொன்னு 121, ஒன்னு போனா 120, எப்பாக்ட் பூஜ்யம். 44 − 0 = மார்ச் 44, அதாவது ஏப்ரல் 13. அன்னைக்கு ஞாயிறு. ஈஸ்டர் பௌர்ணமிக்கு *அப்புறம்* வர்ற ஞாயிறுதான், பௌர்ணமி அன்னைக்கே வரக் கூடாது, அதனால ஏப்ரல் 20. அந்த வருஷம் வானத்துலயும் பௌர்ணமி ஏப்ரல் 13 தான், அட்டவணையும் வானமும் கச்சிதமா ஒத்துப் போச்சு. சம நாள் பக்கம் மட்டும் இதுக்கு நேர் எதிர், மார்ச் 21 அன்னைக்கே பௌர்ணமி வந்தா அது செல்லும். அன்னைக்கு சனிக்கிழமையா இருந்தா மறுநாள் மார்ச் 22-லயே ஈஸ்டர், அதுதான் வரக் கூடிய முதல் தேதி, கடைசியா 1818-ல வந்துச்சு, இனி 2285-ல தான்.

இப்ப உங்களுக்கு அடுத்த சந்தேகம் வந்திருக்கும், ஏன் "1900-ல இருந்து 2199 வரைக்கும்"னு ஒரு எல்லை சொன்னேன்? 19 வருஷச் சுழற்சி என்னைக்கும் ஓட வேண்டியதுதானே? ஓடும், ஆனா தேயும். 1582 வரைக்கும் இருந்த பழைய ஜூலியன் காலண்டர்ல எல்லா நாலாவது வருஷமும் லீப் வருஷம், சராசரி வருஷம் 365.25 நாள். நிஜ வருஷம் 365.2422. இந்தத் துளி வித்தியாசம் 128 வருஷத்துக்கு ஒரு நாள் ஆகும். நிக்கேயா காலத்துல மார்ச் 21-ஐ ஒட்டி இருந்த நிஜ சம நாள் பதினாறாம் நூற்றாண்டுல மார்ச் 11-க்கு வந்துடுச்சு, அட்டவணையில மட்டும் 21-லயே நின்னுச்சு. நிலாப் பக்கமும் ஒழுகல் இருந்துச்சு, 235 மாசமும் 19 ஜூலியன் வருஷமும் ஒன்றரை மணி நேரம் போல ஒத்துப் போகாது, அது கிட்டத்தட்ட 310 வருஷத்துக்கு ஒரு நாள். 1500-கள்ல அட்டவணைப் பௌர்ணமி வானத்துப் பௌர்ணமிக்கு மூணு நாலு நாள் கழிச்சு வந்துட்டு இருந்துச்சு. பௌர்ணமின்னு அட்டவணை சொல்ற ராத்திரி வானத்துல தேய்பிறை நிக்கும், நிமிந்து பாக்கிற எவனுக்கும் தெரியும்.

1582-ல போப் பதிமூணாம் கிரிகோரி காலண்டரைத் திருத்தினது இதுக்காகத்தான். அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15-ன்னு பத்து நாளைத் தாண்டினது எல்லாருக்கும் தெரியும், நூறால வகுபடுற வருஷம் 400-ஆலயும் வகுபட்டாத்தான் லீப்னு மாத்தினதும் தெரியும். ஆனா அந்தத் திருத்தத்துல மூளையைக் கசக்கின பகுதி நிலாதான். அதைச் செஞ்சவர் இத்தாலியில அலோய்சியுஸ் லிலியுஸ்னு ஒரு மருத்துவர், திருத்தம் வர்றதுக்கு முன்னாடியே இறந்துட்டார். ரோம்ல இருந்த கிறிஸ்டோபர் கிளாவியுஸ் அதை எடுத்து விளக்கி எழுதி நிலைநாட்டினார். லிலியுஸோட யோசனை இதுதான்: 19 வருஷ அட்டவணையைத் தூக்கிப் போட வேண்டாம், எப்பாக்டை மட்டும் நூற்றாண்டு திரும்பும்போது ஒரு நாள் நகத்தினா போதும். லீப் இல்லாத நூற்றாண்டு வருஷம் வந்தா காலண்டர்ல ஒரு நாள் குறையுது, அதனால எப்பாக்ட்ல ஒன்னு கழி. நிலாவோட ஒழுகலுக்கு 2500 வருஷத்துல எட்டு தடவை ஒன்னு கூட்டு. 1900-ல கழிச்சாங்க. 2000 லீப் வருஷம், ஒன்னும் வேண்டாம். 2100-ல ஒன்னு கழிக்கணும், அதே வருஷம் நிலாவுக்காக ஒன்னு கூட்டவும் வேணும், ரெண்டும் அடிபட்டுப் போகும். 2200-ல மறுபடி கழிக்கணும். அதனாலதான் "பெருக்கி ஒன்னு கழி" ங்கிற நம்ம சுருக்கு வழி 2199 வரைக்கும், 2200-ல இருந்து ரெண்டு கழிக்கணும். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம், பழைய அட்டவணை தெரிஞ்ச ஒரு கிராமத்துப் பாதிரியார் கூட ஒரே ஒரு எண்ணை மாத்திட்டு பழையபடி கணக்குப் போடலாம். சூரியனும் நிலாவும் தனித்தனியா ஓடுற ரெண்டு பிழையை ஒரு எண்ணுல அடக்கிட்டார் அந்த மனுஷன்.

ஆர்த்தடாக்ஸ் சபைகள்ல பெரும்பாலானவங்க ஈஸ்டருக்கு மட்டும் இந்தத் திருத்தத்தை ஏத்துக்கல, பழைய ஜூலியன் கணக்குதான். அவங்க மார்ச் 21 நம்ம காலண்டர்ல ஏப்ரல் 3. 2019-க்கு அவங்க அட்டவணைப் பௌர்ணமி ஜூலியன் ஏப்ரல் 10, அதாவது நம்ம ஏப்ரல் 23, செவ்வாய். வானத்துல அந்தப் பௌர்ணமி ஏப்ரல் 19-லயே முடிஞ்சிடுச்சு, நாலு நாள் லேட், மேல சொன்ன ஒழுகல்தான் அது. அதனால அவங்க ஈஸ்டர் ஏப்ரல் 28. ஆக 2019-ல வானத்தைப் பாத்தா மார்ச் 24, கிரிகோரியன் அட்டவணைக்கு ஏப்ரல் 21, ஜூலியன் அட்டவணைக்கு ஏப்ரல் 28, மூணு விடை.

அட்டவணையைத் தூக்கிப் போட்டுட்டு நிஜ வானத்தையே வச்சுக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. அதைச் செஞ்சு பாத்திருக்காங்க. ஜெர்மனியில புராட்டஸ்டன்ட் பகுதிகள் 1700-ல போப்போட அட்டவணை வேண்டாம்னு கெப்ளரோட ருடால்ஃபைன் அட்டவணையை வச்சு வானவியல் முறையில ஈஸ்டர் கணக்குப் போட ஆரம்பிச்சாங்க. 1724-ல சிக்கல் வந்துச்சு. நிஜ பௌர்ணமி ஏப்ரல் 8 சனிக்கிழமை, அதனால அவங்களுக்கு ஈஸ்டர் ஏப்ரல் 9. கிரிகோரியன் அட்டவணையில பௌர்ணமி ஏப்ரல் 9 ஞாயிறு, அதனால கத்தோலிக்கர்களுக்கு ஏப்ரல் 16. ஒருத்தர் அல்லேலூயா பாடிட்டு இருக்கும்போது பக்கத்துத் தெருவுல இருக்கிறவர் அப்பத்தான் புனித வாரத்துக்குள்ள நுழைஞ்சிருப்பார். கடைசில 1770-கள்ல அவங்களும் அட்டவணைக்கே வந்துட்டாங்க.

வானத்தை வச்சா வர்ற இன்னொரு கஷ்டம், எந்த ஊர் வானம்ங்கிறது. 2019 மார்ச் பௌர்ணமி லண்டன்ல 21-ஆம் தேதி, அதே கணம் நியூயார்க்ல 20-ஆம் தேதி ராத்திரி 9:43. பௌர்ணமி ஒரு கணம், தேதி ஊருக்கு ஊர் மாறும். அதனால வானவியல் முறைக்குப் போறதா இருந்தா ஒரே ஒரு இடத்து நேரத்தை எல்லாரும் ஒத்துக்கணும். 1997-ல சிரியாவோட அலெப்போவுல உலகத் திருச்சபை மன்றம் நடத்தின கூட்டம் இதைத்தான் சொல்லுச்சு: நிஜ சம நாள், நிஜ பௌர்ணமி, எருசலேம் தீர்க்கரேகை. 2001-ல கிழக்கு மேற்கு ரெண்டு ஈஸ்டரும் ஏப்ரல் 15-ல ஒன்னா வந்ததால அங்கருந்து தொடங்கலாம்னாங்க. நடக்கல. எனக்கென்னமோ அந்த யோசனை நேர்மையான யோசனைதான், ரெண்டு பக்கமும் விட்டுக் கொடுக்கணும், யாரும் தன்னோட அட்டவணையை இன்னொருத்தர் மேல திணிக்கல. ஆனா அதையே ஏத்திருந்தாலும் 2019-ல எல்லை விளிம்பு போயிருக்காது. எருசலேம்ல கடிகாரப்படி அந்த சம நாள் மார்ச் 20 ராத்திரி 11:58, தேதி மாற ரெண்டே நிமிஷம். பௌர்ணமி அதுக்கு அப்புறம் வந்ததால தப்பிச்சுது, விடை மார்ச் 24 தான், ஆனா எந்த முறையிலயும் ஒரு விளிம்பு இருக்கும், ஏதாவது ஒரு வருஷம் அதுல போய் உக்காரும்.

அடுத்த தடவை எப்பன்னு நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க. 19 வருஷச் சுழற்சி, 2019-ஓட 19 கூட்டினா 2038. மீதி 5, எப்பாக்ட் 24, அட்டவணைப் பௌர்ணமி மறுபடி மார்ச் 20, மறுபடி செல்லாது. வானத்துல மறுபடி சம நாள் மார்ச் 20, பௌர்ணமி மார்ச் 21. ஆனா கிழமை மாறும். அந்த மார்ச் 21 ஞாயிறு, அதனால வானத்தை வச்சா ஈஸ்டர் மார்ச் 28. அட்டவணைப்படி பௌர்ணமி ஏப்ரல் 18, அதுவும் ஞாயிறு, அடுத்த ஞாயிறுக்குப் போகணும், ஏப்ரல் 25. வரக் கூடிய கடைசித் தேதி அது, இதுக்கு முன்னாடி 1943-ல வந்துச்சு. ஜூலியன் பௌர்ணமி ஏப்ரல் 23, வெள்ளிக்கிழமை, அதுக்கு அடுத்த ஞாயிறும் ஏப்ரல் 25. அந்த வருஷம் ரெண்டு அட்டவணையும் வானத்தை விட்டு நாலு வாரம் தள்ளி ஒரே ஞாயிறுல சந்திக்கும்.